ஆசாரியிடம் எழுதிக் கொடுக்க வேண்டியது உள்ளளவு

"செங்கோட்டையில் சொந்த வீடு. மாடி அறையில் தெற்குச் சுவருக்கும் காங்கிரீட் அலமாரிக்கும் நடுவில், மேற்குச் சுவரை ஒட்டி 64 இன்ச் இடம் சும்மா கிடக்கிறது. தெற்குச் சுவரில் ஜன்னல். பிளஸ் ஒன் போகப்போகும் மகளுக்கும் ஏழாவது படிக்கும் மகனுக்கும் அங்கே சுவரோடு சேர்த்து, டிராயர், புத்தகத் தட்டு எல்லாம் வைத்து ஒரு படிப்பு மேசை செய்ய ஆசை. ஆரியங்காவு பக்கமிருந்து வரும் ஆசாரி, 'நீளம் அகலம் சொல்லுங்க, செய்து தாரேன்' என்கிறார். தமிழ் நன்றாகப் பேசுவார், வாசிப்பது மலையாளம்தான். மேற்குச் சுவர் சாரல் மாதங்களில் ஓதம் அடிக்கும். ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் முடிய வேண்டும். அவரிடம் என்னவென்று எழுதிக் கொடுப்பது?"
— வாசகி, செங்கோட்டை

நீளம், அகலம் மட்டும் சொன்னால் என்ன வரும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 64 இன்ச் நீளம், 24 இன்ச் அகலம், 30 இன்ச் உயரத்தில் ஒரு மேசை வரும். உட்காருபவரின் மடிக்கு மேலே நடு டிராயர் ஒன்று இருக்கும். வலது ஓரத்தில் பூட்டுப் போட்ட பெட்டி. பின்பக்கம் பிளைவுட்டைச் சுவரோடு அழுத்தி முடுக்கியிருப்பார். இதில் ஆசாரியைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. எல்லா வீட்டிலும் கேட்கிற மேசை அதுதான், வேறு மாதிரி வேண்டும் என்று சொல்லாதவரை அதைத்தான் செய்வார். பலகையை எப்படி இணைப்பது, திருகு எங்கே போடுவது என்பதெல்லாம் நம்மைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். அதை எழுத வேண்டாம். உங்கள் மகளின் முழங்கை எந்த உயரத்தில் இருக்கிறது, டிராயருக்குள் என்ன போகப்போகிறது, அந்தச் சுவர் ஆகஸ்ட் மாதம் எந்த நிலையில் இருக்கும் என்பது மட்டும் அவருக்குத் தெரிய வழியில்லை. குறிப்பில் எழுத வேண்டியது அதைத்தான்.

உயரத்திலிருந்து தொடங்குங்கள். மகள் எந்த நாற்காலியில் உட்காரப் போகிறாளோ அதையே போட்டு, பாதம் தரையில் பதிய, முதுகு நிமிர்ந்து, தோளைத் தளர்த்தி உட்காரச் சொல்லுங்கள். முழங்கையை மடக்கியதும் அதன் அடிப்பக்கம் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று டேப் பிடியுங்கள். ஐந்தடி இரண்டங்குல உயரமுள்ள பெண், 17 இன்ச் உயர நாற்காலியில் உட்கார்ந்தால் 26 இன்ச் அளவில் வரும். எழுதும் மேசை அதற்கு மேலே ஒன்றரை, இரண்டு இன்ச் இருந்தால் சுகம். ஆக 28. வழக்கமான 30-இல் எழுதினால் தோள் இரண்டும் மேலே தூக்கிக்கொண்டே இருக்கும். ஒரு மணி நேரத்தில் கழுத்துக்குப் பின்னால் வலி பிடிக்கும். இரண்டு இன்ச்தானே என்று தோன்றும். அந்த இரண்டு இன்ச்சை மேசை முடிந்த பிறகு குறைக்கவே முடியாது. சுவரோடு சேர்த்த மேசைக்குக் காலை அறுக்கும் வழியும் இல்லை.

இந்த 28 என்ற எண்ணே நடு டிராயரையும் தீர்மானித்துவிடுகிறது. 17 இன்ச் நாற்காலி, அதன்மேல் தொடையின் கனம் ஆறு இன்ச் என்று வைத்தால் 23. 28-இல் மேல்பலகைக்கு முக்கால், டிராயருக்கு நாலு, அதன் அடிக்கட்டைக்கு இன்னொரு முக்கால் கழித்தால் மிச்சம் 22½. தொடை இடிக்கும். நாற்காலியைப் பின்னால் தள்ளி, குனிந்து எழுதப் பழகிவிடுவாள். எனவே நடு டிராயர் கூடாது என்று எழுதியே கொடுங்கள். வாயால் சொன்னால், "இடம் சும்மா இருக்கே" என்று கடைசி நாளில் நல்லெண்ணத்தோடு ஒன்றைச் செருகிவிடுவார்.

அடுத்து, இரண்டு பிள்ளைகள் விஷயம். இங்கே நான் கொஞ்சம் கறாராகவே பேச வேண்டியிருக்கிறது. வலது ஓரம் 16 இன்ச்சில் டிராயர் பெட்டி வைத்தால் உட்கார மிஞ்சுவது 48. ஆளுக்கு 24. கை வைத்த நாற்காலி இரண்டை அந்த இடத்தில் சேர்த்துப் போட்டால் ஒன்றோடு ஒன்று இடிக்கும்; ஒருவர் எழுந்தால் மற்றவரும் நகர வேண்டும். பெட்டியை விட்டுவிட்டால் ஆளுக்கு 32 கிடைக்கும், ஆனால் டிராயர் போய்விடும். இரண்டும் வேண்டும் என்றால் 64 இன்ச்சில் நடக்காது. என் யோசனை, மகளுக்கு மட்டும் செய்யுங்கள். அடுத்த இரண்டு வருடம் அதிக நேரம் உட்காரப் போவது அவள்தான். பையனுக்குப் பத்தாவது வரும்போது இதே மேசை அவன் கைக்கு வந்துவிடும். கீழே குறிப்பில் இருப்பது ஒருவர் உட்காரும் மேசை. உட்காரும் இடம் ஜன்னல் பக்கம், டிராயர் அலமாரி பக்கம். மேற்குப் பார்த்து உட்கார்ந்தால் தெற்கு ஜன்னல் இடது கைப்பக்கம் வரும். வலது கையால் எழுதுபவளுக்கு நிழல் நோட்டில் விழாது. இடது கைப் பழக்கம் என்றால் சொல்லுங்கள், வேறு மாதிரி யோசிக்க வேண்டும்.

இப்போது தலைப்பில் சொன்ன உள்ளளவு. "டிராயர் 16 இன்ச் அகலம்" என்று நீங்கள் சொல்வீர்கள். ஆசாரியும் 16 இன்ச்சுக்குத்தான் பெட்டி செய்வார். இருவரும் சொன்னது சரி. ஆனால் உள்ளே என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். 16 இன்ச் என்பது 406 மில்லிமீட்டர். பெட்டியின் பக்கப்பலகை 18 மில்லி, அதன் வெளியே ஒட்டும் லேமினேட் ஒரு மில்லி, உள்ளே ஒட்டுவது முக்கால் மில்லிக்குக் கொஞ்சம் மேல்; ஒரு பக்கத்துக்கு 20 என்று வைத்தால் இரண்டு பக்கமும் 40 போகும். மிச்சம் 366. டிராயர் ஓடும் டெலஸ்கோப்பிக் சேனலுக்குப் பக்கத்துக்கு 13 மில்லி, மொத்தம் 26. மிச்சம் 340. டிராயரின் சொந்தப் பக்கப்பலகை 12 மில்லி வீதம் இரண்டு, உள்ளே ஒட்டும் மெல்லிய லேமினேட்டும் சேர்த்து இன்னொரு 26. கடைசியில் கைக்கு வருவது 314 மில்லி, அதாவது 12 இன்ச்சுக்கு மேல் மூன்று நூல்; இன்ச்சில் எட்டில் ஒரு பங்குதான் ஒரு நூல். மூன்றரை இன்ச்சுக்கு மேல் எங்கேயோ போய்விட்டது.

ஏ4 தாளின் நீளம் 297 மில்லி. அதைக் குறுக்கே போட்டால் 314-இல் அலுங்காமல் உட்காரும். பெட்டியை 15 இன்ச் என்று சொல்லியிருந்தால் உள்ளே 289தான் வரும். ரெக்கார்டு நோட்டும் பைலும் குறுக்கே போகாது, நெடுக்கே வைத்துப் பக்கத்தில் கால்வாசி இடம் வீணாகும். ஒரே ஒரு இன்ச் வித்தியாசம். அதனால் ஆசாரியிடம், "டிராயருக்குள் ஏ4 தாள் குறுக்கே படுக்க வேண்டும், உள்ளளவு 12 இன்ச்சுக்கு மேல் மூன்று நூல்" என்று சொல்லுங்கள். பெட்டியை எத்தனை இன்ச்சுக்கு வெட்டுவது என்று அவரே கணக்குப் போட்டுக்கொள்வார். அவர் வாங்கிவரும் சேனல் வேறு கனமாக இருந்தாலும் கணக்கு தப்பாது. குறிப்பில் எந்த எண்ணை எழுதினாலும் பக்கத்தில் உள்ளளவா, முடித்த பிறகு வரும் வெளியளவா என்று ஒரு வார்த்தை சேர்த்துவிடுங்கள். ஆசாரிக்கும் வீட்டுக்காரருக்கும் வரும் சண்டையில் பாதி இந்த ஒரு வார்த்தை இல்லாததால் வருவது.

சுவருக்கு வருவோம். ஆரியங்காவு கணவாய் வழியாக வரும் காற்றும் சாரலும் உங்கள் ஊர் வீடுகளின் மேற்குச் சுவரில்தான் முதலில் மோதும். ஓதம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் மரவேலை தொடங்க வேண்டாம். தரைத்தளமாக இருந்தால் அடியிலிருந்து ஈரம் ஏறுகிறது என்று சந்தேகிக்கலாம். உங்களுடையது மாடி, அந்தப் பேச்சுக்கே இடமில்லை. வெளிப்பூச்சில் வெடிப்பு, சன்ஷேடு சுவரோடு சேரும் இடம், மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவரின் அடி, இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். ஈரம் சுவரிலிருந்து வருகிறதா, அறைக்காற்றிலிருந்து படிகிறதா என்று பார்க்க, ஒரு அடிக்கு ஒரு அடி பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் கழித்துப் பார்க்கும் வழக்கம் உண்டு. சுவர்ப்பக்கம் நீர் துளிர்த்தால் சுவரில் ஈரம், அறைப்பக்கம் துளிர்த்தால் காற்றில் ஈரம். ஆனால் மார்ச், ஏப்ரலில் இந்தச் சோதனை செய்து தாள் காய்ந்திருப்பதைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடக் கூடாது. வெயில் காலத்தில் எந்தச் சுவரும் நல்ல சுவர்தான். போன வருடத்துத் தடயத்தைப் பாருங்கள். பெயின்ட் எந்த உயரத்தில் கொப்பளித்திருக்கிறது, வெள்ளையாக உப்பு எங்கே பூத்திருக்கிறது என்று பென்சிலால் வட்டம் போட்டு வையுங்கள். பிறகு வெளிச்சுவரில் ஹோஸ் பிடித்து அரை மணி நேரம் தண்ணீர் அடித்துவிட்டு, மறுநாள் வரை உள்ளே அந்த வட்டங்களைக் கவனியுங்கள். ஈரம் தெரிந்தால் வெளியே வெடிப்பை அடைத்து, வெளிப்பக்கம் நீர் புகாத பூச்சு அடித்து, சுவரைக் காயவிட்ட பிறகே ஆசாரியைக் கூப்பிடுங்கள். உள்ளே பட்டி பார்த்துப் பெயின்ட் அடிப்பதால் ஒன்றும் ஆகாது. அடுத்த சாரலில் அதுவும் சேர்ந்து உரியும்.

சுவரைச் சரி செய்த பிறகும் மேசையை அதன்மேல் ஒட்டவைக்காதீர்கள். மேற்குச் சுவருக்கும் மேசைக்கும் நடுவில் அரை இன்ச் இடைவெளி விடச் சொல்லுங்கள், பின்பலகை வேண்டவே வேண்டாம். பென்சில் அந்தச் சந்தில் விழாமல் இருக்க, மேல்பலகையின் பின் ஓரத்தில் மூன்று இன்ச் உயரத்துக்கு ஒரு பட்டி நிறுத்தினால் போதும். சுவரில் பலகையைத் தாங்க வழக்கமாக ஒரு மரக்கட்டையை முடுக்குவார்கள். ஈரச் சுவரில் கரையானுக்கு அதுதான் முதல் படி. அதற்குப் பதில் அலுமினிய எல்-ஆங்கிள் போடச் சொல்லுங்கள். டிராயர் பெட்டியும் தரையில் உட்காராமல் நாலு இன்ச் கால் வைத்து நிற்கட்டும்; தரை துடைக்கும் தண்ணீர் பிளைவுட்டின் வெட்டு ஓரத்தில் ஏறாது, அடியில் பார்த்தால் கரையான் மண்கோடு போட்டிருப்பதும் கண்ணில் படும்.

மரம் என்று வந்தால் எல்லைக்கு அந்தப்பக்கம் ரப்பர் மரப் பலகை விலை குறைவாகக் கிடைக்கிறதே என்று யாராவது சொல்வார்கள். துண்டு துண்டாகப் பல் கோத்து ஒட்டிய அழகான பலகை. காய்ந்த சுவர் உள்ள அறைக்கு நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ரப்பர் மரத்துக்குத் தானாகப் பூச்சியையும் பூஞ்சையையும் தாங்கும் சக்தி கிடையாது, மருந்து ஏற்றிப் பதப்படுத்தியிருந்தால்தான் நிற்கும். கடையில் பார்க்கும்போது ஏற்றியிருக்கிறதா என்று கண்டுபிடிக்கவும் முடியாது. உங்கள் மேற்குச் சுவருக்குப் பக்கத்தில் வேண்டாம். 24 இன்ச் அகலத்துக்குத் தேக்கோ அயினியோ முழுப் பலகைகளை ஒட்டிப் போடலாம் என்றால், மரம் மழைக்காலத்தில் அகலவாக்கில் ஊதி வெயிலில் சுருங்கும். சுவரோடு சேர்த்து முடுக்கும் பலகையில் அதற்குப் போக்கு விட்டுச் செய்ய வேண்டும். வீண் தலைவலி. பிளைவுட்டே போதும், தேக்கு முன் ஓரத்துக்கு மட்டும்.

பிளைவுட்டில் ஐ.எஸ். 710 என்று முத்திரை குத்தியதைக் கேளுங்கள். கடையில் மெரைன் பிளை என்பார்கள். அந்தத் தரத்தின் சோதனையில் 72 மணி நேரம் தண்ணீரில் கொதிக்கவைத்தும் பசை விடக் கூடாது. ஐ.எஸ். 303 பி.டபிள்யூ.ஆர். என்பதும் ஈரம் தாங்குவதுதான். வேறு அறையாக இருந்தால் அதையே வாங்கச் சொல்லியிருப்பேன். முத்திரை தாளின் மேலேயே இருக்க வேண்டும், பில்லில் மட்டும் இருந்தால் போதாது. சந்தேகம் இருந்தால் வெட்டிப் போட்ட ஒரு துண்டை அடுப்பில் ஒரு பகல் கொதிக்கவிட்டுப் பாருங்கள். ஓரத்தில் அடுக்குப் பிரிந்தால் அது 710 இல்லை. பிரியாமல் இருந்தால் 710தான் என்று நிரூபணமாகாது, ஆனால் ஏமாற்றுச் சரக்கு இல்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

லேமினேட்டில் நிறத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். வெளிர் நிறம், மங்கலான மேற்பரப்பு, அவ்வளவுதான். பளபளப்பு வேண்டாம், பக்கத்து ஜன்னல் வெளிச்சம் மேசையில் பட்டுக் கண்ணைக் கூசும். நான் அழுத்திச் சொல்ல விரும்புவது பலகையின் அடிப்பக்கத்தை. மேலே மட்டும் லேமினேட் ஒட்டி அடியை வெறுமனே விட்டால், ஒரு பக்கம் ஈரம் ஏறும், மறுபக்கம் ஏறாது. சில மாதத்தில் பலகை வில்லாக வளையும். 64 இன்ச் நீளத்துக்கு இது கண்ணுக்கே தெரியும். அடியிலும் ஒரு லேமினேட், விலை குறைந்ததாக இருந்தாலும் சரி. சுவரைப் பார்த்து நிற்கும் வெட்டு ஓரங்களுக்கு யாரும் ஒன்றும் செய்வதில்லை, ஈரம் குடிப்பது அங்கேதான். இரண்டு கை வார்னிஷ் அடிக்கச் சொல்லுங்கள்.

இவ்வளவையும் சேர்த்து, நீங்கள் எழுதிக் கொடுக்கும் குறிப்பு கிட்டத்தட்ட இப்படி இருக்கலாம். அவருக்கு வாசித்துக் காட்டிவிட்டு இருவரும் ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். 28 என்ற இடத்தில் உங்கள் மகளுக்கு வந்த அளவைப் போடுங்கள்.

"அண்ணாச்சி, மேற்குச் சுவர் பக்கம் சுவரோடு சேர்த்த படிப்பு மேசை, ஒரு ஆள் உட்கார. மரத்துக்கு இன்ச், நூல். பிளை, லேமினேட் கனத்துக்கு மில்லி.

மேல்பலகை: தெற்குச் சுவரிலிருந்து அலமாரி வரை முழு நீளம், சுமார் 64 இன்ச். வெட்டும் அளவை நீங்களே டேப் வைத்து எடுத்துக்கொள்ளுங்கள். முன்பின் 24 இன்ச். லேமினேட் ஒட்டி முடித்த பிறகு தரையிலிருந்து மேல்மட்டம் 28 இன்ச். 18 மில்லி 710 பிளை. மேலும் கீழும் லேமினேட். முன் ஓரத்தில் ஒன்றரை இன்ச் உயரத் தேக்குப் பட்டி. கை படும் விளிம்பு உருட்டி இழைக்க வேண்டும். மேற்குச் சுவரிலிருந்து அரை இன்ச் தள்ளி நிற்க வேண்டும். பின் ஓரத்தில் மூன்று இன்ச் பட்டி. இடது பின் மூலையில் வயர் போக 60 மில்லி துளை, மூடியோடு.

தாங்குவதற்கு: மேற்குச் சுவரிலும் தெற்குச் சுவரிலும் அலுமினிய எல்-ஆங்கிள். மரக்கட்டை வேண்டாம். அலமாரியின் பக்கம் துளை போட வேண்டாம். அந்தப் பக்கப் பாரத்தை டிராயர் பெட்டி தாங்கட்டும். கால் வைக்கும் இடம் ஏறக்குறைய 48 இன்ச், தரையிலிருந்து தேக்குப் பட்டியின் அடி வரை 26½ இன்ச் காலியாக இருக்க வேண்டும். நடு டிராயர் கூடாது, குறுக்குச் சட்டமும் கூடாது.

டிராயர் பெட்டி: வலது ஓரம், முன்பின் 20 இன்ச், நாலு இன்ச் காலின் மேல். மூன்று டிராயர். உள்ளகலம் 12 இன்ச்சுக்கு மேல் மூன்று நூல்; ஏ4 தாள் குறுக்கே படுக்க வேண்டும். முகப்பு உயரம் மேலிருந்து ஏறக்குறைய 5, 7, 10½. மேல் டிராயரில் பேனா, கால்குலேட்டர், நடுவில் நோட்டு, அடியில் பைல் நிற்கும். 18 இன்ச் டெலஸ்கோப்பிக் சேனல், முழுக்க வெளியே வருவது. பூட்டு மேல் டிராயருக்கு மட்டும்.

புத்தகத் தட்டு: மேசை மட்டத்திலிருந்து 18 இன்ச் மேலே தொடக்கம். இரண்டு தட்டு, முன்பின் 10 இன்ச், தட்டுக்கு நடுவே உள்ளுயரம் 12 இன்ச். நீளத்தின் நடுவில் ஒரு நிறுத்துப் பலகை. கதவு வேண்டாம். செங்கல்லில் பிடிக்கும் ஆங்கர் போட்டு முடுக்க வேண்டும், பூச்சில் மட்டும் நிற்கக் கூடாது. கீழ்த்தட்டின் முன் ஓரத்தில் விளக்குப் பட்டை ஒட்ட ஒரு இன்ச் மறைப்பு.

முடிப்பு: வெளியே தெரியும் இடத்தில் ஒரு மில்லி மங்கல் லேமினேட், வெளிர் நிறம், ஒட்டும் முன் மாதிரி காட்ட வேண்டும். நீர் தாங்கும் பசை. தேக்குப் பட்டிக்கு மெருகு ஏற்றும் முன் எனக்குக் காட்டவும். தெரியாத வெட்டு ஓரம் எல்லாவற்றுக்கும் இரண்டு கை வார்னிஷ்."

தட்டுக்கு நடுவே நிறுத்துப் பலகை ஏன் என்று அவர் கேட்டால், பாடப்புத்தகம் ஒரு மீட்டர் நீளத்துக்கு 25 கிலோ வரை இருக்கும் என்று சொல்லுங்கள். 64 இன்ச் நிறைந்தால் நாற்பது கிலோ. 18 மில்லி பலகை நடுவில் தாங்கல் இல்லாமல் அதைப் பிடித்தால் ஒரு வருடத்தில் தொய்ந்துவிடும். அதேபோல் அந்த 10 இன்ச் தட்டு ஜன்னல் சட்டத்தில் இடிக்காமல் இருக்கிறதா என்று மூலையிலிருந்து அளந்து பாருங்கள். இடித்தால் தட்டை 8 இன்ச்சாகக் குறைக்கலாம், நோட்டும் பாடப்புத்தகமும் அதிலும் நிற்கும்.

அவர் தமிழ் வாசிக்க மாட்டார் என்பதால் படம்தான் அவருக்கு உண்மையான குறிப்பு. கட்டம் போட்ட கணக்கு நோட்டில் ஒரு கட்டத்துக்கு இரண்டு இன்ச் என்று வைத்து, எதிரே நின்று பார்த்தால் எப்படி, மேலிருந்து பார்த்தால் எப்படி என்று இரண்டு படம் வரையுங்கள். அழகாக இருக்க வேண்டியதில்லை. எண்கள் எல்லோருக்கும் ஒன்றுதான், நூல் கணக்கும் கணவாய்க்கு இருபக்கமும் ஒன்றுதான். உள்ளளவுகளை ஒரு நிறத்திலும் வெளியளவுகளை வேறு நிறத்திலும் எழுதி, எது எது என்று ஒருமுறை வாயால் சொல்லிவிடுங்கள். டிராயருக்கு மட்டும் ஒரு பெரிய படம் தனியாக. மறக்காமல் ஸ்விட்ச் பாயின்ட் இருக்கும் இடத்தையும் குறியுங்கள். பாயின்ட் மேசை மட்டத்துக்குக் கீழே இருந்தால் மரவேலைக்கு முன் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மேலே ஏற்ற வேண்டும்.

64 இன்ச் என்று நீங்கள் எடுத்தது ஒரே இடத்தில் பிடித்த அளவாக இருக்கும். தரையில், 28 இன்ச் உயரத்தில், தட்டு வரும் உயரத்தில், ஒவ்வொன்றிலும் சுவரோரமும் முன்பக்கமும் என்று ஆறு இடத்தில் பிடித்துப் பாருங்கள். எல்லாம் ஒன்றாக இருந்தால் கொத்தனாரைக் கூப்பிட்டுப் பாராட்டலாம். பெரும்பாலும் அரை இன்ச் வித்தியாசம் வரும். அதற்குத்தான் குறிப்பில் வெட்டும் அளவை அவரிடமே விட்டிருக்கிறேன். நல்ல ஆசாரி மேல்பலகையைப் பெரிய அளவுக்கு வெட்டிவந்து, சுவரின் கோணலைப் பென்சிலால் பலகையில் கோடாக எடுத்து, அந்தக் கோட்டில் இழைத்து உட்காரவைப்பார். டிராயர் பெட்டி மட்டும் சுவரின் கோணலைப் பின்பற்றாமல் நேர் மூலைமட்டத்தில் நிற்க வேண்டும். இல்லையென்றால் சேனல் இழுபடும். பெட்டிக்கும் அலமாரிக்கும் நடுவில் மிஞ்சும் சந்தை ஒரு மெல்லிய பட்டியால் மூடிவிடலாம்.

பெட்டி கூட்டியவுடன், லேமினேட் ஒட்டுவதற்கு முன், குறுக்கு மூலைகள் இரண்டையும் டேப் பிடித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவாக இருந்தால் பெட்டி மூலைமட்டமாக நிற்கிறது. இரண்டு மில்லிக்கு மேல் வித்தியாசம் வந்தால் அப்போதே சொல்லுங்கள். அந்த நிலையில் தட்டிச் சரி செய்ய அவருக்கு ஐந்து நிமிடம். லேமினேட் ஒட்டிய மறுநாள் விரல் கணுவால் பலகை முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். பொள்ளென்று சத்தம் வரும் இடத்தில் பசை பிடிக்கவில்லை. காற்று ஈரமாக இருக்கும் நாளில் ஒட்டினால் இது சகஜம், ஒரு நாள் முழுக்கப் பாரம் வைத்திருக்க வேண்டும். வேலையை மே நடுவுக்குள் முடிக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

டிராயர்களை வெறுமையாக இழுத்துப் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம். மகளின் நோட்டுகளையும் பைல்களையும் உள்ளே அடுக்கி, முழுக்க வெளியே இழுத்து, ஒரு கையால் முன்பக்கத்தை லேசாக அழுத்திப் பாருங்கள். முகப்புகளுக்கு நடுவே சந்து எல்லா இடத்திலும் ஒரு நூல் இருக்க வேண்டும்; ஒரு பக்கம் குறைந்து மறுபக்கம் கூடினால் சேனல் மட்டம் மாறியிருக்கிறது என்று அர்த்தம், திருகைத் தளர்த்தி ஏற்றி இறக்கலாம். கூலியில் கடைசிப் பங்கை இந்தச் சோதனை முடிந்த பிறகு கொடுப்பதாக முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள். ஆகஸ்டில் ஒருமுறை வந்து டிராயர் இறுகியிருக்கிறதா, பின்னால் ஈரம் ஏறியிருக்கிறதா என்று பார்த்துத் தர வேண்டும் என்பதையும் அதிலேயே சேர்த்துப் பேசிவிடுங்கள், தனிக்கூலி கேட்டால் அதையும் கொடுக்கலாம்.